கையெழுத்துக்கு ஒரு விலை

எங்கள் ஊர்ச் சந்தியில் நின்று ஒரு முறை சுற்றிப் பார்த்தால், இருபது வருடங்களுக்கு முன்னர் கண்ணில் பட்ட பலகைகள் அத்தனையும் ஒரே கையால் எழுதப்பட்டவை. மருந்துக் கடை, புடைவைக் கடை, தையல் கடை, ஹோட்டல், பாடசாலை மதில் என்று எதை எடுத்தாலும் அந்த "க"வின் வயிறும் "ழ"வின் வாலும் ஒரே மாதிரி இருக்கும். எழுத வாசிக்கத் தெரியாத எங்கள் மூத்தம்மாவுக்குக்கூட அது தெரியும். "இது நம்ம காக்கா எழுதினதுதானே" என்பார்.

கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர்களில் எங்களுடையதும் ஒன்று. காக்காவின் வீடு எங்கள் வீட்டுக்கு மூன்று வளவு தள்ளி இருக்கிறது. அவருடைய பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டதால், ஊரில் அழைப்பது போலவே இங்கும் காக்கா என்றே எழுதுகிறேன். அவருடைய மனைவி எனக்கு ராத்தா முறை. பலகை எழுதும் தொழில் கண் முன்னால் தேய்ந்து கொண்டு போனபோது, எதைக் கைவிடுவது, எதை வைத்துக் கொள்வது என்று அவர்கள் இருவரும் எப்படி முடிவெடுத்தார்கள் என்பதே இந்தக் கதை.

தகரத்தில் தொடங்கும் வேலை

பலகை எழுதுவது என்றால் தூரிகையை எடுத்து எழுதுவது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். காக்கா சிரித்தார். "எழுதுறது கடைசி வேலை தங்கச்சி. பலகை நிலைக்குமா நிலைக்காதா என்பது அதுக்கு முன்னமே முடிஞ்சு போகும்" என்றார்.

புதிய நாகத் தகரம் பளபளவென்று இருக்கும். அதில் நேரடியாக எனமல் தீந்தை பூசினால் முதலில் அழகாகத்தான் தெரியும். ஒரு வருடத்துக்குள் வாழைப்பழத் தோல் போலப் பாளம் பாளமாக உரிந்து வந்துவிடும். தகரத்தின் மேலுள்ள நாகமும் தீந்தையிலுள்ள எண்ணெயும் மெல்ல மெல்லச் சேர்ந்து, இரண்டுக்கும் இடையில் சவர்க்காரம் போன்ற ஒரு படையை உண்டாக்குவதுதான் காரணம். அதனால் காக்கா தகரத்தை முதலில் சவர்க்கார நீரால் கழுவி எண்ணெய்ப் பசையை எடுப்பார். பிறகு வினாகிரி தடவி, மீண்டும் கழுவிக் காயவிட்டு, அரத்தாளால் மெதுவாகத் தேய்ப்பார். அதன் மேல் நாகத் தகரத்துக்கென்றே விற்கும் அடித் தீந்தை ஒரு முறை, நிறத் தீந்தை இரண்டு முறை. ஒவ்வொன்றும் காய ஒரு நாள் வேண்டும். எழுதுவதற்குத் தூரிகையைத் தொடும்போது ஐந்தாவது நாள் ஆகிவிடும்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் விடியற்காலையில்தான் எழுதுவார். வெயில் ஏறினால் தூரிகையிலேயே தீந்தை இறுகி, கோடு இழுபடும். காற்றோடு வரும் மணலும் ஈரத் தீந்தையில் ஒட்டிக் கொள்ளும்.

எழுதுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பத்தடி தூரத்திலிருந்து வாசிப்பதற்கு ஓர் அங்குல உயர எழுத்து வேண்டும் என்பது பலகைக்காரர்களின் வழக்கமான அளவு. வீதிக்கு அந்தப் பக்கம் நிற்பவருக்கு நாலு அங்குலம் போதும். நூறடிக்கு அப்பால் பஸ்ஸில் வருபவர் வாசிக்க வேண்டுமானால் பத்து அங்குலம் வேண்டும். தமிழுக்கு இதைவிடச் சற்றுக் கூடுதலாக வைப்பார். மேலே புள்ளியும் விசிறியும், கீழே "கு", "ழு" போன்றவற்றின் சுழியும் வருவதால், எழுத்தின் உடம்பு சிறுத்துப் போகும். சிங்களத்திலும் அப்படித்தான். எங்கள் பக்கத்துப் பலகைகளில் பெரும்பாலும் தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் சேர்ந்தே வரும். மூன்றுக்கும் எவ்வளவு இடம் விடுவது என்பதைச் சுண்ணக் கட்டியால் கோடு போட்டுப் பார்த்த பிறகுதான் தூரிகை இறங்கும்.

துணி போனது, தகரமும் போனது

டிஜிட்டல் அச்சு எங்கள் பக்கம் வந்தது 2008ஆம் ஆண்டளவில். அதற்கு முன்னர், 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்து போன பிறகு, இரண்டு மூன்று வருடங்களுக்குக் காக்காவுக்கு ஓயாத வேலை இருந்தது. புதிதாகக் கட்டிய வீட்டுத் திட்டங்களுக்கும் பாடசாலைகளுக்கும் கடைகளுக்கும் பலகை எழுதினார். அந்த வேலை அடங்குகிற நேரத்தில்தான் முதல் அச்சு இயந்திரம் வந்தது.

முதலில் போனது துணிப் பெனர். பாராட்டு விழா, விளையாட்டுப் போட்டி, மரண அறிவித்தல் என்று வாரத்துக்கு ஐந்தாறு எழுதுவார். அவை ஒரு கிழமையில் கழற்றி எறியப்படுபவை. அச்சு இயந்திரம் அதை அரை மணித்தியாலத்தில், படத்தோடு, பாதி விலைக்குக் கொடுத்தது. காக்கா அதற்கு வருத்தப்படவில்லை. ஒரு கிழமைப் பொருளுக்கு இரண்டு நாள் உழைப்பு அதிகம் என்பது அவருக்கே தெரியும்.

வருத்தம் அடுத்ததில்தான். கடைக்காரர்களும் இரும்புச் சட்டத்தில் பிளெக்ஸ் விரிப்பை இழுத்துக் கட்டத் தொடங்கினார்கள். பிளெக்ஸ் என்பது நூல் வலையின் மேல் பிளாஸ்டிக் பூசிய விரிப்பு. அச்சடித்த அன்று அதன் நிறம் எந்தத் தீந்தையையும் வெல்லும். ஆனால் எங்கள் வெயிலில் முதலில் போவது மஞ்சளும் இளஞ்சிவப்பும். நீலமும் கறுப்பும்தான் கடைசிவரை நிற்கும். அதனால்தான் பழைய பிளெக்ஸ் பலகைகளில் பிரியாணித் தட்டு நீலமாகவும், சிரிக்கும் குழந்தையின் முகம் சாம்பல் நிறமாகவும் தெரிகின்றன. வாடைக் காலத்தில் காற்று அதைப் பாய் போல ஊதித் தள்ளும். கண்ணி போட்ட மூலைகள் கிழியும். ஒன்றரை வருடம் தாங்கினால் நல்ல விரிப்பு.

இதெல்லாம் தெரிந்தும் கடைக்காரர்கள் அதையே கேட்டார்கள். காக்கா யாரிடமும் குறை சொல்லவில்லை. மாதத்தில் பத்துப் பலகை எழுதியவர் இரண்டு எழுதினார். மீதி நாட்களில் வீடுகளுக்குச் சுவர் பூசப் போனார். ஏணியில் நின்று சுவர் பூசும் கை, மாலையில் மெல்லிய கோடு இழுக்கும்போது நடுங்கத் தொடங்கியது.

2022இல் ஒரு சிறு நம்பிக்கை வந்தது. அந்த வருடம் மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை போனதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அச்சுக் கடைகள் நின்றன. ரூபாயின் பெறுமதி விழுந்ததால், வெளிநாட்டிலிருந்து வரும் விரிப்பும் மையும் கைக்கெட்டாத விலைக்குப் போயின. அந்த மாதங்களில் பழைய வாடிக்கையாளர்கள் திரும்பக் காக்காவிடம் வந்தார்கள். தீந்தையும் விலை ஏறித்தான் இருந்தது. ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டாம்.

"பழைய காலம் வந்துட்டுது எண்டு நினைச்சன் தங்கச்சி. கரண்ட் ஒழுங்கா வந்த உடனே அவங்களும் போயிட்டாங்க" என்றார்.

அலுமாரியிலிருந்த உறுதி

அந்த ஏமாற்றத்துக்குப் பிறகுதான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். எதிர்த்து நின்று பயனில்லை, நாமும் ஓர் அச்சு இயந்திரம் வாங்குவோம் என்பது அந்த முடிவு. பாவித்த இயந்திரம் ஒன்று விலைக்கு இருந்தது. பணத்துக்கு ஒரு கடன் நிறுவனம் தயாராக இருந்தது. அவர்கள் கேட்டது வீட்டு உறுதியை.

எங்கள் பகுதிப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீடு ராத்தாவின் பெயரில் இருப்பது. அவருடைய உம்மா அவருக்குக் கொடுத்தது. நாளைக்கு அது பதினேழு வயது மகளுக்குப் போக வேண்டியது. அந்த உறுதி அலுமாரியில், பட்டுப் புடைவைக்கு அடியில், பிளாஸ்டிக் உறை ஒன்றில் இருந்தது.

ராத்தா உடனே மறுக்கவில்லை. "இஞ்ச பாருங்க, ஒரு கிழமை தாங்க. நான் விசாரிச்சுப் போட்டுச் சொல்றன்" என்று மட்டும் சொன்னார். அவர் விசாரித்த இடம் அச்சுக் கடை அல்ல. அச்சுக் கடைக்காரரின் வீடு. இரண்டு பெண்களும் ஒரே காலத்தில் ஒரே ஓதப் பள்ளியில் ஓதியவர்கள்.

தெரிய வந்தவை மூன்று. முதலாவது, எங்கள் ஊரிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் ஏற்கெனவே மூன்று இயந்திரங்கள் இருக்கின்றன. தேர்தல் காலத்தையும் பாடசாலை விழாக் காலத்தையும் தவிர, மூன்றும் பாதி நாள் சும்மா நிற்கின்றன. இரண்டாவது, இயந்திரம் சும்மா நிற்பதும் செலவுதான். மை தெளிக்கும் தலைப்பகுதியில் மயிரிழையிலும் நுண்ணிய துளைகள் இருக்கின்றன. தினமும் மை ஓடாவிட்டால் அவை காய்ந்து அடைத்துக் கொள்ளும். வேலை இல்லாத நாளிலும் மையை ஓட்டித் துப்புரவு செய்து கொட்ட வேண்டும். அப்படியும் அடைத்துப் போனால், தலைப்பகுதியை மாற்றும் செலவு பல மாத வருமானத்தைத் தின்றுவிடும். பாவித்த இயந்திரம் விலைக்கு வருவதற்கே பெரும்பாலும் அதுதான் காரணம். மூன்றாவது, அச்சுக் கடைகள் ஒன்றோடொன்று போட்டியிட்டுச் சதுர அடி விலையைக் குறைத்துக் கொண்டே போவதால், இலாபம் விரிப்பில் இல்லை, வடிவமைப்பில்தான் இருக்கிறது.

"அதாவது, உங்கட காக்காவுக்குத் தெரிஞ்ச வேலையிலதான் காசு இருக்கு. தெரியாத வேலைக்கு ஏன் உறுதியைக் குடுக்கணும்?" என்று ராத்தா என்னிடம் கேட்டார். உறுதி அலுமாரியிலேயே இருந்தது.

வாசிக்க முடியாத அழகு

வடிவமைப்பில் காசு இருக்கிறது என்று அவர்கள் கண்டுபிடித்த வேளையில், வடிவமைப்பும் காசில்லாமல் கிடைக்கத் தொடங்கியது. கைத்தொலைபேசியில் இரண்டு வரி எழுதினால் போதும், செயற்கை நுண்ணறிவு ஒரு நிமிடத்தில் நாலு படம் வரைந்து கொடுக்கிறது. கடைக்காரர்கள் படத்தோடு வந்து, இதை அப்படியே போட்டுத் தாருங்கள் என்றார்கள்.

காக்காவின் முற்றத்துக்கு அப்படி ஒரு படத்தோடு வந்தவர் எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் மாமி. முப்பது வருடமாகத் தன் வீட்டு விறாந்தையில் ஓதிக் கொடுப்பவர். பிள்ளைகள் கூடியதால் பக்கத்து வளவில் ஒரு சிறு கட்டிடம் எழும்பியிருந்தது. அதற்கு ஆறடி நீளம், மூன்றடி உயரத்தில் ஒரு பலகை வேண்டும். பேரன் கைத்தொலைபேசியில் செய்து கொடுத்த படம், பச்சை நிறத்தில், தங்கக் குவிமாடத்தோடு கண்ணைப் பறித்தது. மேலே ஒரு வரி அறபு. கீழே தமிழில் மத்ரஸாவின் பெயர்.

காக்கா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாமி, இந்த மேல் வரியைக் கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

மாமி கண்ணாடியைச் சரி செய்து கொண்டு வாயைத் திறந்தார். பிறகு நிறுத்தினார். படத்தைத் தூரப் பிடித்தார், கிட்டப் பிடித்தார். முப்பது வருடமாக எத்தனையோ பிள்ளைகளுக்கு அலிபும் பேயும் சொல்லிக் கொடுத்தவரால் அந்த வரியை வாசிக்க முடியவில்லை. ஏனென்றால் அது அறபு அல்ல. அறபு போலத் தோன்றும் வளைவுகளும் புள்ளிகளும் மட்டுமே அவை.

காக்கா விளக்கினார். அலிபு, தால், றே, வாவ் போன்ற ஆறு எழுத்துகள் தங்களுக்கு அடுத்து வரும் எழுத்தோடு ஒருபோதும் சேர மாட்டா. படத்திலோ அலிபு போன்ற ஒரு கோடு இரண்டு பக்கமும் ஒட்டிக் கொண்டிருந்தது. சில பற்களுக்குப் புள்ளி இல்லை. சில புள்ளிகளுக்குப் பல் இல்லை. தமிழ் வரியில் பிழை இன்னும் நுட்பமாக இருந்தது. பார்த்தவுடன் சரியாகத் தெரிந்தது. ஊன்றிப் பார்த்தால் ஓர் இடத்தில் "ர"வும் "ா"வும் கலந்த ஒரு புது எழுத்து. இன்னோர் இடத்தில் புள்ளி இல்லை.

படம் வரையும் அந்தச் செயலிகள் எழுத்தைச் சொல்லாக அறிந்து எழுதுவதில்லை. கோடிக்கணக்கான படங்களிலிருந்து, பலகை எப்படித் தோன்றும் என்பதைக் கற்றுக் கொண்டு, அந்தத் தோற்றத்தை வரைகின்றன. கற்றுக் கொண்ட படங்களில் ஆங்கிலப் பலகை அதிகம், தமிழ்ப் பலகை குறைவு. அதனால் முதலில் திருந்தியது ஆங்கிலம். புதிய செயலிகளில் தமிழும் அறபும் பல வேளைகளில் சரியாகவே வருகின்றன. அதுதான் கூடுதல் ஆபத்து என்பது காக்காவின் கருத்து. முழுக்கப் பிழையாக இருந்தால் யாரும் கண்டுபிடிப்பார்கள். பத்து எழுத்தில் ஒன்று பிழைத்தால், பலகை ஏறிய பிறகுதான் ஊர் கண்டுபிடிக்கும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அந்தப் படம் அகலத்தில் 1024 புள்ளிகளால் ஆனது. கைத்தொலைபேசித் திரைக்கு அது தாராளம். ஆறடி என்பது 72 அங்குலம். பங்கிட்டால் ஓர் அங்குலத்துக்குப் பதினான்கு புள்ளிதான் வரும். தூரத்திலிருந்து பார்க்கும் பலகைக்குக்கூட அச்சுக் கடைகள் ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளியாவது கேட்கும். அப்படியே அச்சடித்தால் எழுத்தின் ஓரமெல்லாம் பிசிறடித்து, மழையில் நனைந்த காகிதம் போலத் தெரியும்.

மாமி படத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக் கொண்டார். "நாளைக்கு அச்சடிக்கக் குடுக்க இருந்தேன் மகன்" என்றார். அவருடைய முகம் வெளிறியிருந்தது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்கும் இடத்தின் நெற்றியில் எழுத்தே இல்லாத ஒரு வரி! அதை நினைத்துத்தான் அந்தக் கலக்கம்.

மூன்று விதமான வேலை

அன்றிரவு ராத்தா தன் கணக்குக் கொப்பியை எடுத்தார். கணவர் எழுதிய ஒவ்வொரு பலகைக்கும் திகதி, அளவு, கூலி, வாடிக்கையாளர் சொன்ன குறை நிறை எல்லாவற்றையும் பல வருடமாக அதில் எழுதி வந்திருக்கிறார். கடைசி இரண்டு வருடத்து வேலைகளைப் புரட்டியபோது, அச்சு இயந்திரம் இருந்தும் ஆட்கள் காக்காவைத் தேடி வந்தது எதற்காக என்பது தெளிவாகத் தெரிந்தது. அவற்றை மூன்றாகப் பிரித்தார்கள்.

முதலாவது, இயந்திரம் போக முடியாத இடங்கள். மீன்பிடிப் படகின் வளைந்த பக்கத்தில் பதிவு எண்ணும் பெயரும் எழுதுவது, கடைகளின் இரும்புச் சுருள் கதவு, லொறியின் பின்பக்கம், தண்ணீர்த் தாங்கி, பாடசாலைச் சுவர் என்பவை இதில் அடங்கும். மேடு பள்ளமான, உப்புப் படிந்த, வளைந்த மேற்பரப்பில் ஸ்டிக்கர் நெடுநாள் நிற்காது. இந்த வேலைக்குக் காக்கா விலையைக் குறைப்பதில்லை என்று முடிவு செய்தார். முன்னர் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் குறைத்துக் கொண்டிருந்தார்.

இரண்டாவது, நெடுநாள் நிற்க வேண்டிய பலகை. இதற்கு அவர் புதிய முறை ஒன்று வைத்தார். பலகையின் விலையை மொத்தமாகச் சொல்லாமல் வருடக் கணக்கில் சொல்கிறார். ஒழுங்காகத் தயார் செய்த தகரப் பலகை ஆறு வருடம் நிற்கும். அந்த ஆறு வருடத்துக்குப் பிளெக்ஸ் என்றால், ஒன்றரை வருடத்துக்கு ஒன்றாக, நாலு விரிப்பு வேண்டும். ஆகவே கைப் பலகையின் விலை நாலு விரிப்பின் விலைக்குள் இருந்தால் வாடிக்கையாளருக்கு நட்டமில்லை. அதோடு மூன்றாவது வருடம் தானே வந்து கழுவி, மங்கிய சிவப்பெழுத்தை மீண்டும் ஒரு முறை பூசித் தருவதாக எழுதிக் கொடுக்கிறார்.

ஆனால் எல்லோருக்கும் இதைச் சிபாரிசு செய்வதில்லை. வாடகைக் கடையில் ஒரு வருட ஒப்பந்தத்தில் இருப்பவரிடம், "நீங்க பிளெக்ஸ் போடுங்க, அதுதான் உங்களுக்கு இலாபம்" என்று அவரே சொல்லி அனுப்புகிறார். முதலில் ராத்தாவுக்கு இது பிடிக்கவில்லை. பிறகு கொப்பியைப் பார்த்தபோது, அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் சொல்லித்தான் புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள்.

மூன்றாவதுதான் புதிய வேலை. எழுத்து வரைந்து கொடுப்பதும், அச்சுக்கு முன்னர் எழுத்தைச் சரி பார்ப்பதும். கணினியில் செய்யும் வடிவமைப்பிலும் பிழைகள் இருக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தயாரித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். சில மென்பொருள்களில் உரிய அமைப்பை மாற்றாவிட்டால், "கொ" எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். அறபு எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல், இடமிருந்து வலமாகத் தலைகீழாக ஓடும். வேகமாக வேலை செய்யும் வடிவமைப்பாளருக்கு அந்த மொழி தெரியாவிட்டால் பிழை அவர் கண்ணில் படாது.

அதனால் காக்கா பக்கத்து ஊர் அச்சுக் கடையோடு ஓர் ஏற்பாடு செய்து கொண்டார். பெரிய பலகைகளை அச்சடிக்கும் முன்னர், அவற்றின் படி ஒன்று அவரிடம் வரும். அவர் சொல்லுக்குச் சொல் அல்ல, எழுத்துக்கு எழுத்துப் பார்ப்பார். கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி வாசிப்பது அவருடைய வழக்கம். முன்னோக்கி வாசித்தால் மனம் தானாகவே பிழையைத் திருத்தி வாசித்துவிடும் என்கிறார். சிங்கள வரியை, சிங்களம் தாய்மொழியான ஓர் ஆசிரியரிடம் காட்டுவார். அறபு வரியை மௌலவி ஒருவர் தன் கையால் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டும்; காக்கா அதிலிருந்துதான் எடுப்பார். "எனக்கு அறபு எழுத வரும், அறபு தெரியாது. இரண்டும் வேற வேற" என்று வெளிப்படையாகச் சொல்கிறார். பலகை பார்த்துக் கொடுப்பதற்கு ஒரு சிறு கூலி. பிழையோடு அச்சாகி வீணாகும் விரிப்போடு ஒப்பிட்டால், அச்சுக் கடைக்கு அது பெரிதல்ல.

மகளும் இதில் ஒரு பங்கு எடுத்துக் கொண்டாள். வாப்பா பெரிய தாளில் எழுதித் தரும் பெயரைப் படமெடுத்து, இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் கோட்டு வடிவமாக மாற்றுகிறாள். புள்ளிகளால் ஆன படத்தைப் போலன்றி, கோட்டு வடிவத்தை எத்தனை அடிக்குப் பெருப்பித்தாலும் பிசிறடிக்காது. இப்போது ஊர்ச் சந்தியில் உள்ள இரண்டு அச்சுப் பலகைகளில் இருப்பது காக்காவின் கையெழுத்துத்தான். மூத்தம்மா இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பார்.

மாமியின் பலகை

ஓதிக் கொடுக்கும் மாமியின் பலகை வேலை ஒன்பது நாள் எடுத்தது. பேரன் செய்த படத்தைக் காக்கா ஒதுக்கி வைக்கவில்லை. அந்தப் பச்சை நிறம் நன்றாக இருந்தது. அதையே அடிநிறமாக எடுத்துக் கொண்டார். குவிமாடத்தின் நுணுக்கமான பூவேலைகளை விட்டுவிட்டு, தூரத்துக்கும் தெரியும்படி நாலு கோட்டில் வரைந்தார். வாடிக்கையாளரின் மனதில் இருக்கும் நிறத்தை அறிந்து கொள்ள அந்தப் படங்கள் நல்ல வசதி என்பது அவருடைய எண்ணம். முன்னரெல்லாம் இதற்கே இரண்டு நாள் பேச வேண்டியிருக்கும்.

மௌலவி எழுதிக் கொடுத்த வரியைப் பெரிய தாளில் பெருப்பித்து, கோட்டின் மேல் ஊசியால் வரிசையாகத் துளையிட்டார். அந்தத் தாளைப் பலகையில் ஒட்டி, துணியில் முடிந்த கரித்தூளை மெதுவாகத் தட்டினார். தாளை எடுத்தபோது, பலகையில் எழுத்தின் உருவம் புள்ளி புள்ளியாக இறங்கியிருந்தது. எழுதுவதற்கு முன்னர் மாமியை வரவழைத்து வாசிக்கச் சொன்னார். இந்த முறை மாமி தடங்காமல் வாசித்தார். அதன் பிறகுதான் தூரிகை தீந்தையில் தோய்ந்தது.

காக்காவின் வருமானம் பழைய நாட்களின் அளவுக்குத் திரும்பிவிட்டது என்று எழுதினால் அது பொய். மாதத்தில் சில நாட்கள் இன்னும் சுவர் பூசத்தான் போகிறார். ஆனால் வீட்டில் கடன் இல்லை. எந்த வேலையை ஏற்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதில் குழப்பமும் இல்லை. உறுதி அதே பட்டுப் புடைவைக்கு அடியில் இருக்கிறது.

நான் புறப்படும்போது முற்றத்தில் ஒரு படகுக்காரர் வந்து நின்றார். அவருடைய கையிலும் கைத்தொலைபேசி. அதில் படகின் பெயர் அலைகளுக்கு நடுவில் தங்க நிறத்தில் மின்னியது. காக்கா அதை வாங்கி, கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, கடைசி எழுத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.